சீ.ரி. ரிப்போட்டில் குடல் தடிப்பு, நீர், நெறிக்கட்டி என்று இருந்தால்

"அண்ணாவுக்கு 38 வயது, முள்ளியவளையில் கமம் செய்கிறார். மூன்று மாதமாக வலது பக்க அடிவயிற்றில் விட்டு விட்டு நோ, பின்னேரத்தில் காய்ச்சல், எட்டுக் கிலோ குறைந்துவிட்டார். சீ.ரி. ஸ்கான் ரிப்போட்டில் டேர்மினல் இலியத்திலும் சீக்கத்திலும் வோல் திக்கனிங் 9 மி.மீ., என்லார்ஜ்ட் மெசென்ரிக் நோட்ஸ் 18 மி.மீ. வரை, நடுவில் நெக்ரோசிஸ், மினிமல் ஃப்ரீ ஃப்ளூயிட் என்று போட்டிருக்கிறார்கள். கிளினிக் அடுத்த கிழமைதான். தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு இது புற்றுநோய்தான் என்கிறார். உண்மையா?"

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் எந்த இடத்திலும் புற்றுநோய் என்று இல்லை. அது இல்லவே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன், இந்த ரிப்போட்டை வைத்து ஒருவராலும் சொல்ல ஏலாது. ஆனால் இந்த வயது, இந்த மூன்று மாதக் கதை, குடலில் இந்த இடம், நடுவில் செத்துப்போன நெறிக்கட்டி, இவ்வளவும் ஒன்றாக வந்தால் எங்கள் நாட்டில் முதலில் நினைக்கவேண்டியது குடலில் வரும் காசநோய், அதாவது ரிபி. அது குளிசையால் மாறுகிற நோய். அதை உறுதிப்படுத்த அந்த இடத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கவேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ரிப்போட்டில் உள்ள வரிசையிலேயே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ரிப்போட்டின் கடைசிப் பகுதியைப் பாருங்கள், இம்ப்ரெஷன் என்று தலைப்புப் போட்டிருக்கும். மேலே ஃபைன்டிங்ஸ் என்ற பகுதியில் ரேடியோலொஜிஸ்ட் கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுவார், ஈரலில் ஒரு சின்ன நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் ஒரு மணிக்கல் என்று நோயோடு தொடர்பில்லாததும் அதற்குள் வரும். அவற்றை எல்லாம் சேர்த்து அவர் என்ன நினைக்கிறார் என்பது இம்ப்ரெஷனில்தான் இருக்கும். நீங்கள் அந்தப் பகுதியை எழுதவில்லை. அதில் 'சஜஸ்டிவ் ஒஃப்' என்று இருந்தால் அவர் அந்தப் பக்கம் சாய்கிறார் என்று எடுங்கள். 'கனொட் பி எக்ஸ்க்ளூடட்' என்று ஒரு நோயின் பெயர் இருந்தால் அந்த நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, படத்தை மட்டும் வைத்து அதைத் தள்ளிவிட முடியவில்லை என்பதுதான். உங்கள் தெரிந்தவர் இப்படி ஒரு வரியில் புற்றுநோய்க்குரிய சொல்லைக் கண்டுதான் சொல்லியிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

இனி வோல் திக்கனிங். குடலின் சுவர் தடித்திருக்கிறது என்பது. விரிந்திருக்கும் குடலில் சுவர் ஏறக்குறைய 3 மி.மீ. வரை இருப்பது சாதாரணம். குடல் சுருங்கிக் கிடந்தால் ஒன்றும் இல்லாத சுவரே 5 மி.மீ. அளவில் தெரியும், காற்றுப்போன சைக்கிள் ரியூப்பைக் கையில் பிடித்தால் ரப்பர் தடிப்பாகத் தெரிகிற மாதிரி. இதற்காகத்தான் ஸ்கானுக்கு முன்னால் அவ்வளவு தண்ணீரோ மருந்து கலந்த நீரோ குடிக்கச் சொல்வது. சத்தி வருகிறது என்று பாதியில் வைத்துவிட்டால் குடல் விரியாது, இல்லாத தடிப்பு ரிப்போட்டில் ஏறிவிடும். அண்ணாவுக்கு 9 மி.மீ., அது சுருங்கியதால் வந்த தோற்றம் என்று சொல்லமுடியாத அளவு, கூடவே நெறிக்கட்டியும் இருக்கிறது. ஆகவே தடிப்பு உண்மையானது என்று வைத்துக்கொள்ளலாம்.

தடிப்பின் அளவை விட அது எப்படித் தடித்திருக்கிறது என்பது முக்கியம். சுற்றிவர ஒரே அளவாக, நீளமான ஒரு துண்டு தடித்திருந்தால், அதுவும் தடிப்பு ஒரு சென்ரிமீற்றருக்குள் என்றால், பெரும்பாலும் கிருமியோ அழற்சியோதான். ஒரு பக்கம் மட்டும் புடைத்து, ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறைவான கட்டையான ஒரு துண்டில் திடீரென்று தொடங்கித் திடீரென்று முடிந்து, இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் கட்டி என்ற சந்தேகம் கூடும். ரிப்போட்டில் 'சர்கம்ஃபரென்ஷியல்' என்று இருந்தால் சுற்றிவர என்று பொருள், 'அசிமெற்றிக்' என்றால் ஒரு பக்கம் கூட. இந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிப்பாருங்கள். இதெல்லாம் சாய்வுதான், சட்டமில்லை. காசநோயும் சில வேளை ஒரு கட்டி மாதிரியே உருண்டு நிற்கும், அதனால்தான் துண்டு எடுக்காமல் ஒருவரும் முடிவு சொல்வதில்லை.

இடத்தையும் பாருங்கள். டேர்மினல் இலியம் என்பது சிறுகுடலின் கடைசித் துண்டு, சீக்கம் என்பது பெருங்குடல் தொடங்கும் பை. இரண்டும் சேரும் இடம் வலது பக்க அடிவயிற்றில் இருக்கிறது, அண்ணாவுக்கு நோகிற அதே இடம். காசநோய்க் கிருமிக்கு வயிற்றுக்குள் மிகவும் பிடித்த இடம் இதுதான். உணவு அங்கே கொஞ்ச நேரம் தங்கி நிற்கிறது, நிணநீர்த் திசுவும் அங்கே அதிகம், கிருமி உள்ளே போக வசதி. குரோன்ஸ் என்ற நாட்பட்ட குடல் அழற்சியும் இதே இடத்தைத்தான் பிடிக்கும். ரைபொயிட் மாதிரியான கிருமிகளும் இங்கே தடிப்பைத் தரும், ஆனால் அவை சில நாட்களில், கூடினால் சில கிழமைகளில் முடிகிற கதை. மூன்று மாதம் இழுக்காது.

அடுத்தது நோட்ஸ், எங்கள் பேச்சில் நெறிக்கட்டி. வயிற்றுக்குள் குடலைத் தாங்குகிற சவ்வில் இவை எல்லோருக்கும் இருக்கின்றன. நெறிக்கட்டியை அதன் குறுகிய பக்கத்தில் அளப்பார்கள், நீளத்தில் அல்ல. குடல் சவ்வில் இருப்பவை சாதாரணமாகச் சில மில்லிமீற்றர்தான், 10 மி.மீ. தாண்டினால் பெரிது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். 18 மி.மீ. என்பது தெளிவாகப் பெரிது. ஆனால் பெரிது என்பதற்கு அந்த நெறிக்கட்டி ஏதோ ஒன்றுடன் போராடுகிறது என்பதற்கு மேல் அர்த்தமில்லை. காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டுகிறதே, அதே வேலைதான் உள்ளேயும் நடக்கிறது.

உங்கள் ரிப்போட்டில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெறுமதியாகத் தெரிவது சென்ரல் நெக்ரோசிஸ் என்ற சொல். ஸ்கானின் போது கையில் ஊசியால் ஏற்றுகிற மருந்து, கொன்ட்ராஸ்ட் என்பது, இரத்தத்தோடு ஓடி இரத்தம் போகிற திசுவை எல்லாம் வெளிச்சமாகக் காட்டும். நெறிக்கட்டியின் ஓரம் வெளிச்சமாக இருந்து நடு இருட்டாக இருந்தால், நடுவில் இரத்த ஓட்டமில்லை, திசு செத்துவிட்டது என்று பொருள். காசநோய்க் கிருமி போன இடத்தில் திசு செத்துப் பாலாடைக்கட்டி நிறத்தில் கரைந்துவிடும், அதனால் இந்தத் தோற்றம் அதற்கு மிகவும் பொருந்தும். குரோன்ஸில் இப்படி வருவது அரிது. லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றில் நெறிக்கட்டிகள் பொதுவாக ஒரே சீராக, இருட்டு நடு இல்லாமல், ஒன்றோடொன்று ஒட்டிக் குலையாக நிற்கும், குடல் சுவரும் இதைவிட நன்றாகத் தடித்திருக்கும். குடல் புற்று பரவிய நெறிக்கட்டியும் சில வேளை நடுவில் செத்துப்போகும், ஆகவே அதை முழுதாகத் தள்ளமுடியாது. 38 வயதில் சீக்கத்தில் புற்று வரவே வராது என்றில்லை, ஆனால் பின்னேரக் காய்ச்சலும் 9 மி.மீ. தடிப்பும் அதற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

இந்த இருட்டு நடு கொன்ட்ராஸ்ட் போட்டால்தான் தெரியும் என்பதை மனதில் வையுங்கள். வவுனியாப் பக்கத்திலும் அதற்குத் தெற்கே வடமத்திய மாகாணத்திலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள கமக்காரர் பலர் இருக்கிறார்கள். அப்படியானவர்களுக்குச் சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கிரியற்றினின் என்ற கழிவு இரத்தத்தில் கூடியிருப்பதால் கொன்ட்ராஸ்ட் இல்லாமலே ஸ்கான் எடுப்பதுண்டு. ரிப்போட்டில் டெக்னிக் என்ற பகுதியில் 'நொன் கொன்ட்ராஸ்ட்' என்று இருந்தால், நெறிக்கட்டியின் நடுவைப் பற்றியும் சுவரைப் பற்றியும் அந்த ரிப்போட் சொல்வதை அரைவாசியாக எடுக்கவேண்டும். இன்னொன்று, எங்கள் சனத்துக்கே உரியது. சண்டைக் காலத்துச் செல் துண்டு இன்னும் உடம்புக்குள் இருக்கிறவர்கள் வன்னியில் நிறையப் பேர். அது ஸ்கானில் வெள்ளைக் கீறுகளாகச் சிதறிப் பக்கத்தில் உள்ள குடலை மறைத்துவிடும், பழைய வயிற்று ஒப்பரேஷன் நடந்திருந்தால் குடல் ஒட்டி வேறு கிடக்கும். அண்ணாவுக்கு அப்படி ஏதும் இருந்தால் இனி எந்தப் படம் எடுத்தாலும் முதலில் சொல்லவேண்டும், எம்.ஆர்.ஐ. என்றால் கட்டாயம் சொல்லவேண்டும், காந்தத்தால் இரும்புத் துண்டு நகரக்கூடும்.

ஃப்ரீ ஃப்ளூயிட் என்பது குடலுக்கு வெளியே வயிற்றறைக்குள் நிற்கிற நீர். மினிமல் என்றால் மிகவும் கொஞ்சம், அநேகமாக இடுப்பெலும்புப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். மாதவிடாய் வருகிற வயதுப் பெண்களுக்கு அந்த அளவு நீர் எந்த நோயும் இல்லாமலே இருக்கலாம். ஆணுக்கு என்றால் ஒரு காரணம் தேடவேண்டும். அண்ணாவின் ஸ்கானில் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது, அழன்ற குடலும் நெறிக்கட்டியும் கொஞ்சம் நீரைக் கசியவிடும். சில ரிப்போட்டில் நீரின் அடர்த்தியை ஹெச்.யூ. என்ற அலகில் எழுதுவார்கள். 20க்குக் கீழே என்றால் தெளிந்த நீர், ஈரல் சுருக்கத்திலும் இதய நோயிலும் வருவது. காசநோய் நீரில் புரதம் கூட என்பதால் 25 முதல் 45 வரை போகும். புதிதாகக் கசிந்த இரத்தமும் ஏறக்குறைய அந்த அளவுக்குள் வரும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு எடுக்கக்கூடாது.

ஒரே சொல் வேறு ஆளில் வேறு கதை சொல்லும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மாரி மழைக்குப் பிறகு டெங்கு வந்து வாட்டில் கிடக்கிறவருக்கு ஸ்கான் செய்தால் வயிற்றில் நீர் இருக்கும், பித்தப்பைச் சுவரும் தடித்திருக்கும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் வருவது அது, காய்ச்சல் மாறினால் அதுவும் வற்றிவிடும். ஒரு காகிதத்தில் 'நீர், சுவர்த் தடிப்பு' என்று மட்டும் வாசிக்கிறவருக்கு உங்கள் அண்ணாவும் அந்தக் காய்ச்சல்காரரும் ஒரே நோயாளிதான். எத்தனை நாள் கதை, எந்த இடம் என்று கேட்டால்தான் இருவரும் பிரிவார்கள்.

இப்போது உங்களுக்கு உதவக்கூடியதற்கு வருகிறேன். கிளினிக்கில் கொலனோஸ்கோபி செய்யச் சொல்வார்கள், சொல்லாவிட்டால் கேளுங்கள். பின்வழியாகக் கமராக் குழாயை விட்டுச் சீக்கம் வரை போய், முடிந்தால் சிறுகுடலின் கடைசித் துண்டுக்குள்ளும் பார்த்து, புண் உள்ள இடத்தில் பல சின்னத் துண்டுகள் எடுப்பார்கள். முதல் நாள் குடலைக் கழுவக் குடிக்கிற மருந்தை முழுதாகக் குடிக்கவேண்டும், ஆனால் குடல் அடைத்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் அதைக் குடிக்கக்கூடாது, ஆகவே சத்தி, வயிறு ஊதல் இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அந்தத் துண்டுகள் விஷயத்தில் ஒரு தவறு நடக்கும், அதை நீங்கள் தடுக்கலாம். எல்லாத் துண்டையும் ஃபோமலின் போத்தலுக்குள் போட்டுவிட்டால் திசுவை நுணுக்குக்காட்டியில் பார்க்கிற பத்தொலொஜிக்கு மட்டும்தான் அனுப்பலாம். ஃபோமலினில் கிருமி செத்துவிடும், பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்க ஏலாது. எனவே சில துண்டுகளை ஃபோமலினிலும், சிலவற்றை வெறும் சேலைனிலும் எடுத்து, சேலைன் போத்தலை, ரிபிக் கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற ரிபி கல்ச்சருக்கும் அனுப்பவேண்டும். முதல் நாளே டொக்டரிடம் மரியாதையாக, "டொக்டர், ரிபி சந்தேகம் இருக்கிறதே, கல்ச்சருக்கும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். குறை நினைக்கமாட்டார், வேலை கூடின நாளில் நினைவூட்டினதற்குச் சந்தோஷப்படுவார்.

முடிவு வரும்போது இதையும் தெரிந்து வைத்திருங்கள். குடல் காசநோயில் கிருமியின் எண்ணிக்கை மிகவும் குறைவு, ஆகவே ஜீன்எக்ஸ்பேர்ட் நெகற்றிவ் என்று வந்தால் ரிபி இல்லை என்று ஆகாது. கல்ச்சருக்கு ஆறு முதல் எட்டுக் கிழமை வரை போகலாம். கிரனுலோமா என்பது அழற்சிக் கலங்கள் கூடி நிற்கிற சின்ன முடிச்சு; பத்தொலொஜியில் 'கேசியேற்றிங் கிரனுலோமா', அதாவது நடுவில் செத்துப் பாலாடைக்கட்டி மாதிரி ஆன முடிச்சு, என்று வந்தால் ரிபி பக்கம் நன்றாகச் சாயும். வெறும் 'கிரனுலோமா' என்றால் குரோன்ஸும் பட்டியலில் நிற்கும். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, இருமல் இல்லை, அதனால் ரிபி இருக்காது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் காசநோய் உள்ள பலருக்கு நெஞ்சில் ஒன்றும் தெரியாது. ஆனால் எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டும், நெஞ்சிலும் இருந்தால் சளியிலேயே விடை கிடைக்கும். வீட்டிலோ வேலையிடத்திலோ முன்பு யாருக்காவது ரிபி வந்திருந்தால் அதை டொக்டருக்குச் சொல்லுங்கள். பலர் வெட்கத்தில் மறைப்பார்கள், அந்த ஒரு தகவலால் மாதக் கணக்கான அலைச்சல் மிச்சப்படும்.

துண்டின் முடிவு வரும்வரை இரண்டு மருந்தை அண்ணா தொடக்கூடாது, யார் தந்தாலும். ஒன்று பிரட்னிசலோன் மாதிரியான ஸ்ரீரொயிட். குரோன்ஸ் என்று நினைத்து அதைத் தொடங்கி உள்ளே இருப்பது ரிபி என்றால், எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிருமி வயிறு முழுக்கவும் நெஞ்சுக்கும் பரவும். முதல் இரண்டு மூன்று கிழமை நோயாளி நன்றாகச் சாப்பிடுவார், காய்ச்சலும் விடும், எல்லோரும் மருந்து பிடிபட்டுவிட்டது என்று நினைப்பார்கள், அப்புறம் மோசமாக விழுவார். மற்றது பாமசியில் வயிற்றோட்டத்துக்கு என்று தருகிற சிப்ரோ, லிவோ வகை அன்ரிபயோற்றிக். அவை ரிபிக் கிருமியை முழுதாகக் கொல்லாமல் கொஞ்சம் அமுக்கி வைக்கும், பரிசோதனை நெகற்றிவாக வர அதுவும் ஒரு காரணமாகும்.

ரிபி என்றே வந்தால் மருந்து அரச செஸ்ட் கிளினிக் மூலம் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. சில கிழமைகளில் காய்ச்சல் விட்டுப் பசி திரும்பவேண்டும். துண்டில் தெளிவான விடை வராமல் சந்தேகத்தின் பேரில் தொடங்கினால், இரண்டு மூன்று மாதத்தில் திரும்பக் கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறவில்லை என்றால் குரோன்ஸ், லிம்போமா, மருந்துக்கு அடங்காத கிருமி என்று திரும்பவும் முதலிலிருந்து யோசிக்கவேண்டும். அந்த இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விடாதீர்கள், உடம்பு தேறிவிட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த கிழமை வரை காத்திருக்கலாமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மனதில் இருக்கும் என்று தெரியும். ரிப்போட்டில் 'ஃப்ரீ எயார்' அல்லது 'நியூமோபெரிற்றோனியம்' என்று எங்காவது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். குடல் ஓட்டையாகிக் காற்று வெளியே வந்துவிட்டது என்று பொருள், அப்படி இருந்தால் இதை வாசித்து முடிக்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'நோ ஃப்ரீ எயார்' என்று இருந்தால் நல்லது. குடல் அடைப்பைச் சொல்கிற 'ஒப்ஸ்ரக்ஷன்' என்ற சொல்லையும் அதே மாதிரித் தேடுங்கள், அதற்கு முன்னால் 'நோ' இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை, அண்ணா சாப்பிடுகிறார், மலம் போகிறது என்றால் ஒரு கிழமை பொறுக்கலாம். அதற்கிடையில் பச்சையாகச் சத்தி எடுத்தால், காற்றுக்கூடப் பிரியாமல் வயிறு ஊதினால், வயிறு பலகை மாதிரி இறுகித் தொடவே விடாமல் நொந்தால், மலத்தில் இரத்தம் போனால் கிளினிக் திகதியைப் பார்க்கவேண்டாம். இரவு என்றாலும் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் காட்டினால் தேவைப்படும் இடத்துக்கு அவர்களே மாற்றுவார்கள், நீங்களாக வாகனம் பிடித்து நேரே யாழ்ப்பாணம் கொண்டுபோக வெளிக்கிட்டால் வழியில்தான் நேரம் போகும்.

கிளினிக்குக்குப் போகும்போது ரிப்போட் காகிதத்தோடு ஸ்கான் சீடியையும் கொண்டுபோங்கள். சேர்ஜன் படத்தைத் தானே பார்க்க விரும்புவார், காகிதம் மட்டும் இருந்தால் சில இடங்களில் திரும்ப ஸ்கான் எழுதிவிடுவார்கள், வீணாக இன்னொரு முறை கதிர்ப்பு. வேறு இடத்தில் செய்த இரத்தப் பரிசோதனை, பழைய கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

சாப்பாடும் கேட்பீர்கள். குடல் அந்த இடத்தில் தடித்து வழி ஒடுங்கியிருக்கக்கூடும், ஆகவே தும்பும் சக்கையும் உள்ளதைக் கொஞ்ச நாளைக்கு விடச் சொல்லுங்கள்: பனங்கிழங்கு, ஒடியல், முருங்கைக்காய்ச் சக்கை, பலாப்பழம், தோலோடு கடலை. நன்றாக வெந்த சோறு, கஞ்சி, முள்ளெடுத்த மீன், முட்டை, பருப்பு, தயிர் கொடுக்கலாம், ஒரே நேரத்தில் நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை. ரிபி மருந்து தொடங்கிப் புண் ஆறும்போது அந்த இடம் தழும்பாகி இன்னும் ஒடுங்குவதும் உண்டு. ஆகவே காய்ச்சல் விட்டு எடை கூடிய பிறகும் சாப்பிட்டதும் வயிறு முறுக்கி நொந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்தாமல் சேர்ஜனிடம் காட்டுங்கள்.

இம்ப்ரெஷன் பகுதியையும் கொன்ட்ராஸ்ட் போட்டார்களா என்பதையும் எழுதுங்கள் தங்கச்சி, அதைப் பார்த்து மிச்சம் சொல்கிறேன்.